ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்ற வேண்டிய சிம்

பழைய சிம்மை மாற்றச் சொன்னால் பலருக்கு முதலில் வரும் பயம் எண் போய்விடுமோ என்பதுதான். பத்துப் பதினைந்து ஆண்டுகளாக உறவினர்களிடமும் வங்கியிலும் ஆதாரிலும் கொடுத்து வைத்த எண் அந்தச் சிறிய அட்டைக்குள் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது அங்கே இல்லை. சிம்முக்குள் இருப்பவை வேறு: அட்டைக்கான வரிசை எண் ஒன்று, வலையமைப்பில் உங்களை அடையாளம் காட்டும் 15 இலக்க எண் ஒன்று, யாரும் வெளியே படித்துவிட முடியாதபடி பூட்டி வைத்த 128 பிட் ரகசியச் சாவி ஒன்று. இந்த அடையாள எண்ணுக்குரிய கைபேசி எண் எது என்ற பதிவு, நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. வங்கிக் கணக்குக்கும் ஏடிஎம் அட்டைக்கும் உள்ள உறவுதான் இங்கும். அட்டை தேய்ந்தால் புதியது வாங்கலாம்; கணக்கு எண் அப்படியே இருக்கும். சிம் மாற்றத்தில் போகக்கூடியவை இரண்டே இரண்டு: நீங்கள் சிம்மிலேயே சேமித்த தொடர்பு எண்கள், சிம்மிலேயே தங்கிய குறுஞ்செய்திகள். நிறுவனத்திடம் இவற்றின் நகல் கிடையாது. அட்டையைப் படிக்க முடிகிறவரை மட்டுமே இவற்றை வெளியே எடுக்கலாம். ஆகவே, சிம் முற்றிலும் செத்த பிறகு மாற்றலாம் என்று காத்திருப்பதுதான் இதில் உள்ள ஒரே உண்மையான இழப்பு. கோளாறு தொடங்கியது உறுதியான அன்றே மாற்றிவிட வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

எண்ணின் வயதும் அட்டையின் வயதும் ஒன்றல்ல என்பதை முதலிலேயே பிரித்துக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் 2018 தொடக்கத்தில் ஏர்செல் சேவை முடங்கியபோது ஏராளமானோர் அதே எண்ணுடன் வேறு நிறுவனங்களுக்கு மாறினார்கள். அவர்களில் சிலர் தங்கள் சிம் 2005-ஆம் ஆண்டுடையது என்று இன்றும் சொல்வதுண்டு. நிறுவனம் மாறும்போதெல்லாம் புதிய அட்டை கைக்கு வந்துவிடுகிறது என்பதால், அவர்களிடம் இருப்பது அதிகபட்சம் 2018-இன் அட்டை. அட்டையின் வயதைத் தெரிந்துகொள்ள அதைக் கழற்றிப் பார்ப்பதே எளிய வழி. அதன் மேல் 64K அல்லது 128K என்று அச்சிட்டிருந்தால் அது பழைய தலைமுறை. விளிம்பு கத்தரிக்கோலாலோ வெட்டும் கருவியாலோ வெட்டப்பட்டிருந்தால், அது பெரிய சிம் காலத்தில் வாங்கியது. பழைய அளவு 25 மில்லிமீட்டருக்கு 15. இன்றைய நானோ அளவு 12.3-க்கு 8.8. கவனிக்க வேண்டிய இன்னொன்று தடிமன். பழைய அட்டை 0.76 மில்லிமீட்டர், நானோ 0.67. நீள அகலத்தைச் சரியாக வெட்டினாலும் தடிமன் குறைவதில்லை. வெட்டிய சிம் தட்டில் இறுகுவதற்கும், உள்ளே இருக்கும் தொடுகம்பிகள் வளைவதற்கும் இதுதான் காரணம். வெட்டும்போது சில்லில் கண்ணுக்குத் தெரியாத விரிசலும் விழலாம்.

சிம் என்பது வெறும் பிளாஸ்டிக் துண்டு, அதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் தங்க நிறத் தகட்டுக்கு அடியில் ஒரு நுண்செயலியும் அழித்து எழுதக்கூடிய நினைவகமும் இருக்கின்றன. இத்தகைய நினைவகத்தின் ஒவ்வொரு இடத்திலும் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை எழுதலாம் என்பது பழைய அட்டைகளுக்கு வழக்கமாகத் தரப்படும் உறுதி; பிந்தைய அட்டைகளில் இது ஐந்து லட்சம் வரை போகிறது. எழுதியது அழியாமல் நிற்கும் காலத்துக்கும் பத்தாண்டு என்பது பொதுவான உத்தரவாதம். தொடர்பு எண்களை நாம் எப்போதாவதுதான் எழுதுகிறோம். ஆனால் நமக்குத் தெரியாமல் கைபேசி அடிக்கடி எழுதும் ஒரு கோப்பு சிம்முக்குள் இருக்கிறது. கடைசியாக எந்தப் பகுதியின் டவரில் பதிவானோம், அங்கே கிடைத்த தற்காலிக அடையாளம் என்ன என்பதை அது வைத்திருக்கிறது. ஊர்விட்டு ஊர் போகும்போதும், அணைத்துப் போடும்போதும், குறிப்பிட்ட இடைவெளியில் வலையமைப்பு மறுபதிவு கேட்கும்போதும் அது புதுப்பிக்கப்படலாம். நாளொன்றுக்கு 20 முறை என்று வைத்துக்கொண்டால் 14 ஆண்டுகளில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். இது ஒரு மதிப்பீடுதான். சில கைபேசிகள் குறைவாக எழுதும், சில அட்டைகள் தேய்மானத்தைப் பல இடங்களுக்குப் பரப்பிக்கொள்ளும், ஒரு லட்சத்துக்குப் பின்னும் பல காலம் உழைக்கும். ஆனாலும் தேய்மானம் எந்த மூலையில் முதலில் தெரியும் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. பெயர்ப் பட்டியல் நன்றாக இருக்கும்போதே சிக்னல் பதிவு தடுமாறலாம். அதனால், எண்கள் எல்லாம் தெரிகின்றன, ஆகவே சிம்மில் குறையில்லை என்று முடிவுகட்டுவது சரியல்ல.

பதிவு தடுமாற்றத்துக்குத் தேய்மானத்தோடு தொடர்பே இல்லாத இன்னொரு காரணமும் உண்டு. பலர் அதைத்தான் டவர் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2ஜி காலத்தில் தந்த அட்டையில் அந்தத் தலைமுறைக்கான சரிபார்ப்பு முறை மட்டுமே இருக்கும். 4ஜி வலையமைப்பு அதை ஏற்காது. அதற்கு மேம்பட்ட சரிபார்ப்புள்ள புதிய வகை அட்டை வேண்டும். 3ஜி இருந்தவரை இது பெரிதாகத் தெரியவில்லை. ஏர்டெல் 2019-இல் கொல்கத்தாவில் தொடங்கித் தன் 3ஜி சேவையை மூடியது. பிற நிறுவனங்களும் அந்த வழியில் போயின. இப்போது அத்தகைய அட்டைக்கு மிஞ்சுவது 2ஜி மட்டும். புதிய கைபேசி, நல்ல டவர், 4ஜி ரீசார்ஜ் எல்லாம் இருந்தும், பக்கத்து வீட்டுக்காரரிடம் அதே நிறுவனம் நன்றாக ஓடும்போது உங்களிடம் மட்டும் சிக்னல் அருகே E என்ற எழுத்தே நிற்கிறதென்றால் சந்தேகம் அட்டை மேல் வர வேண்டும். அதற்கும் முந்தைய சில அட்டைகள் 5 வோல்ட் மின்னழுத்தத்தில் மட்டுமே இயங்குபவை. இன்றைய கைபேசிகள் 3 அல்லது 1.8 வோல்ட் மட்டுமே தருவதால் அவை சிம்மே இல்லை என்று காட்டிவிடும். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது: 4ஜி அட்டை வைத்திருப்பவரை 5ஜி வந்துவிட்டது என்று சொல்லி மாற்ற வைப்பது. இந்தியாவில் ஏர்டெல், ஜியோ இரண்டுமே தங்கள் 4ஜி சிம்மிலேயே 5ஜி கிடைக்கும் என்று அறிவித்தவை. கோளாறு இல்லாத 4ஜி சிம்மை அதற்காக மாற்ற வேண்டியதில்லை.

தொடர்பு எண்களிலும் குறுஞ்செய்தியிலும் தெரியும் குறைகள் எல்லாமே சிம் கெட்டதற்கு அடையாளம் அல்ல. பெரும்பாலான பழைய அட்டைகளில் 250 பெயர்கள்தான் கொள்ளும், ஒரு பெயருக்கு ஓர் எண். பெயருக்கான இடம் மிகக் குறுகியது. தமிழில் எழுதினால் இன்னும் குறைவான எழுத்துகளே பிடிக்கும். ஆகவே பெயர் பாதியில் நறுக்கப்படுவதும், 251-ஆவது பெயர் சேராததும் கோளாறு அல்ல, கொள்ளளவு. நேற்று 212 பெயர் காட்டியது, அணைத்துப் போட்டதும் 180 காட்டுகிறது, மறுநாள் மீண்டும் 212 என்றால், அது கோளாறு. பெயருக்குப் பதில் சம்பந்தமில்லாத குறிகள் தெரிவதும், புதிதாகச் சேமித்தது அணைத்துப் போட்டதும் காணாமல் போவதும் அப்படித்தான். செய்திகளிலும் இதே கவனம் வேண்டும். பட்டன் போனில் செய்திகள் சிம்மில் சேரும்படி அமைத்திருந்தால், இருபது முப்பது செய்திகளிலேயே இடம் நிரம்பிவிடும்; அதன்பின் வருபவை வலையமைப்பிலேயே காத்துக்கிடக்கும். பழையவற்றை அழித்ததும் கடகடவென்று வந்துவிட்டால் சிம்மில் குறையில்லை. செய்தி வருகிறது, ஆனால் அனுப்பினால் மட்டும் போகவில்லை என்பது வேறு கதை. செய்திகளைக் கையாளும் மையத்தின் எண் சிம்முக்குள்தான் பதிந்திருக்கிறது. அந்தப் பதிவு சிதைந்தாலோ தவறுதலாக மாற்றப்பட்டாலோ அழைப்புகள் சரியாக இருக்கும், அனுப்புதல் மட்டும் தோற்கும். பட்டன் போனில் செய்தி அமைப்புகளுக்குள் அந்த எண்ணைப் பார்த்து, நிறுவனத்தின் உதவி எண்ணில் கேட்டுத் திருத்தலாம். திருத்தியதும் அணைத்துப் போட்டால் மறுபடி பழைய நிலைக்குப் போகிறது என்றால் அட்டை இனி எழுத்தை ஏற்கவில்லை என்று பொருள்.

கைபேசியா, டவரா, சிம்மா என்ற வழக்கைத் தீர்க்க இரண்டு மாற்றுச் சோதனைகள் போதும். உங்கள் சிம்மை வேறொரு கைபேசியில் ஒரு நாள் போட்டுப் பாருங்கள். உங்கள் கைபேசியில் அதே நிறுவனத்தின் வேறொரு சிம்மை, அதே இடத்தில், அதே துளையில் போட்டுப் பாருங்கள். குறை சிம்மோடு போனால் சிம். கைபேசியிலேயே தங்கினால் கைபேசி. இரண்டு சிம்முக்கும் இரண்டு கைபேசியிலும் ஒரே இடத்தில் வந்தால் டவர். அதே நிறுவனம் என்பது முக்கியம், இல்லாவிட்டால் டவரை ஒதுக்க முடியாது. ஒரு நாள் என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. தேய்ந்த அட்டை போட்டவுடன் நன்றாகவே வேலை செய்யும். சூடேறிய பிறகோ, பயணத்தில் பகுதி மாறும்போதோதான் No SIM அல்லது Emergency calls only என்று காட்டும். கடையில் இரண்டு நிமிடம் போட்டுப் பார்த்து, சிம் நல்லா இருக்கு, போன்தான் ரிப்பேர் என்று சொல்வதை இதனால்தான் அப்படியே நம்பக் கூடாது.

அழிப்பானால் தேய்த்தால் சரியாகிவிடுமே என்பது அடுத்த எதிர்வாதம். சில சமயம் ஆகிறது, உண்மைதான். தகட்டில் வியர்வை உப்பும் தூசும் படிந்திருந்தால் துடைத்ததும் தொடர்பு திரும்பும். ஆனால் அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது. அழிப்பானின் சொரசொரப்பு அதையும் சேர்த்து எடுத்துவிடும். அடியில் உள்ள உலோகம் காற்றுப்பட்டு முன்னைவிட வேகமாகக் கறுக்கும். நூல் பிரியாத உலர்ந்த துணியால், வேண்டுமானால் ஒரு துளி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, ஒரு முறை துடையுங்கள். மாதக்கணக்கில் தொந்தரவு இல்லையென்றால் அது அழுக்கு. ஓரிரு வாரத்தில் திரும்பினால் அது அழுக்கு அல்ல. மறுபடி மறுபடி துடைத்துக் காலம் தள்ளுவது, படிக்க முடிகிற கடைசி வாரங்களை வீணாக்குவதே.

இனி ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டு முழுவதுமாகப் பார்ப்போம். தூத்துக்குடியில் ஒருவர் 2009-இல் ப்ரீபெய்டு சிம் வாங்கினார், தந்தை பெயரில். அட்டையை இரண்டு முறை வெட்டி இப்போது டச் போனில் வைத்திருக்கிறார். அழைப்பவர்களுக்கு அவர் எண் சுவிட்ச் ஆஃப் என்று வருகிறது. அவர் திரையில் சிக்னல் இருப்பதுபோலவே தெரிகிறது. அணைத்துப் போட்டால் சரியாகிறது. மாற்றுச் சோதனையில் குறை சிம்மோடு போகிறது. அவர் முதலில் செய்ய வேண்டியது கடைக்குப் போவதல்ல, எண்களை வெளியே எடுப்பது. ஆண்ட்ராய்டில் தொடர்புகள் செயலியில் Import from SIM என்பதை அழுத்தினால் சிம்மில் உள்ளவை கைபேசிக்கு வரும். அங்கிருந்து Export to file கொடுத்தால் vcf கோப்பாக ஒரு நகல் கிடைக்கும், அதைத் தனக்கே மின்னஞ்சலில் அனுப்பிவைக்கலாம். ஐபோனில் Import SIM Contacts. வந்த பெயர்களை எண்ணிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தடுமாறும் அட்டை பாதியில் நின்றும் முடிந்தது என்று காட்டலாம். எண்ணிக்கை குறைந்தால் அணைத்துப் போட்டு, வேண்டுமானால் வேறு கைபேசியில், மறுபடி எடுக்கலாம். சிம்முக்குப் பூட்டு எண் போட்டிருந்தால் இப்போதே நீக்கிவிட வேண்டும். மூன்று முறை தவறினால் அட்டை பூட்டிக்கொள்ளும், பிறகு நிறுவனம் தரும் பியுகே எண் தேவைப்படும்.

அடுத்தது பெயர். மாற்றுச் சிம் கேட்க, யார் பெயரில் எண் பதிவாகியிருக்கிறதோ அவரே நேரில் வர வேண்டும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில், தன் எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டால், அதே ஆளின் பெயரில் பதிவான எண்களைப் பார்க்கலாம். ஓடிபி வர பழைய சிம் உயிரோடு இருக்க வேண்டும். நம் தூத்துக்குடிக்காரருக்கு எண் தந்தை பெயரில் இருக்கிறது. தந்தை இருந்தால் அவரையே கையோடு அழைத்துப்போகலாம், அல்லது முதலில் பெயர் மாற்றம் செய்துகொண்டு பிறகு சிம் கேட்கலாம். தந்தை காலமாகியிருந்தால் இறப்புச் சான்றும் வாரிசு என்பதற்கான ஆவணங்களும் கேட்பார்கள், அதற்கு நாளாகும். அந்த நாள்களைத் தாக்குப்பிடிக்கச் சிம்மில் உயிர் இருக்க வேண்டும் என்பதால்தான் இதை முன்கூட்டியே பார்க்கச் சொல்கிறேன். போக வேண்டிய இடம் நிறுவனத்தின் சொந்த மையம். 2024 ஜனவரி 1 முதல் காகித விண்ணப்பம் நின்று, அடையாளச் சரிபார்ப்பு மின்னணு முறைக்கு வந்துவிட்டது. கைரேகை தேய்ந்த முதியவர்களுக்கு ஆதார் சரிபார்ப்பு ஒரே முயற்சியில் முடியாமல் போகலாம், அவகாசத்தோடு போவது நல்லது.

நேரம் குறிப்பதிலும் கணக்கு இருக்கிறது. புதிய சிம் இயங்கத் தொடங்கிய பின் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வருவதும் போவதும் தடுக்கப்பட்டிருக்கும். 2022-இல் தொலைத்தொடர்புத் துறை கொண்டுவந்த பாதுகாப்பு இது. வேறொருவர் உங்கள் எண்ணுக்குக் கள்ளத்தனமாகச் சிம் வாங்கினால் உடனே ஓடிபி பெற்று வங்கிப் பணத்தை எடுத்துவிடாதபடி செய்வதற்காக. ஆகவே அந்த ஒரு நாளில் வங்கி ஓடிபி வராது. யுபிஐ செயலி புதிய அட்டையைக் கண்டதும் சிம்மைச் சரிபார்க்கத் தானே ஒரு செய்தி அனுப்பப் பார்க்கும், அதுவும் போகாது. சிம் பழுது என்று நினைத்து மறுபடி மையத்துக்கு ஓடுபவர்கள் பெரும்பாலும் இந்த 24 மணி நேரத்தில்தான் ஓடுகிறார்கள். வாடகை, கட்டணம், பயணச்சீட்டு எதுவும் இல்லாத ஒரு நாளைப் பார்த்து, கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொண்டு மாற்றுங்கள். வாட்ஸ்அப்புக்கு எண் மாறாததால் வழக்கமாகத் தடங்கல் இல்லை. அதை நீக்கி மறுபடி நிறுவாமல் அப்படியே விட்டுவிடுங்கள். பழுதான அல்லது தொலைந்த சிம்முக்கு மாற்று வாங்கினால் அடுத்த 7 நாள்களுக்கு வேறு நிறுவனத்துக்கு மாறவும் முடியாது. 2024 ஜூலையிலிருந்து இது விதி. நிறுவனத்தையே மாற்றும் எண்ணம் இருந்தால், சிம் இயங்கும்போதே நேராக மாறிவிடுவது மேல்: புதிய அட்டையும் அதில் வந்துவிடும்.

சிம் மாற்றம் என்றாலே மோசடி என்று செய்திகளில் வருகிறதே என்று தயங்குபவர்களின் அச்சம் நியாயமானது, ஆனால் அது திசை மாறிய அச்சம். ஆபத்து நீங்கள் நேரில் போய் மாற்றுவதில் இல்லை. சிம்மை மேம்படுத்தித் தருகிறோம் என்று வரும் அழைப்பில், அவர்கள் சொல்லும் எண்ணையோ ஓடிபியையோ அனுப்புவதில் இருக்கிறது. பழைய சிம் அடிக்கடி சிக்னல் இழக்கும் பழக்கமுள்ளதாக இருந்தால் இதில் இன்னொரு கேடும் உண்டு: உண்மையிலேயே யாரோ உங்கள் எண்ணைக் கைப்பற்றினால் தெரியும் முதல் அடையாளமும் திடீரெனச் சிக்னல் போவதுதான். வழக்கமான கோளாறு என்று நினைத்து அரை நாள் சும்மா இருந்துவிடுவீர்கள்.

பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு எண்கள் சிம்மிலேயே இருப்பதுதான் வசதி; எந்தப் போனில் போட்டாலும் வந்துவிடும். அந்தப் பழக்கத்தை மாற்றச் சொல்ல வேண்டியதில்லை. பழைய சிம்மிலிருந்து எல்லா எண்களையும் போனுக்கு நகலெடுத்து, புதிய சிம் போட்டதும் போனிலிருந்து சிம்முக்கு நகலெடுத்தால் போதும். பெரும்பாலான பட்டன் போன்களில் இரண்டுக்கும் மெனு உண்டு. ஒரு நோட்டில் முக்கியமான இருபது எண்களை எழுதிவைப்பதும் கேவலமில்லை.

புதிய சிம் ஓடத் தொடங்கியதும் பழையதைத் தூக்கி எறியாதீர்கள். அழைப்பதற்குத்தான் அது செத்தது. அதிலுள்ள பெயர்களையும் செய்திகளையும் எந்தக் கைபேசியும் இன்னும் படிக்கும். விட்டுப்போன எண் ஏதாவது இருந்தால் ஒரு வாரத்துக்குள் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அதே காரணத்துக்காக, எல்லாம் சரி என்று உறுதியானதும் தங்க நிறத் தகட்டின் குறுக்கே கத்தரியை வைத்து இரண்டாக வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள்.